சீயம் என்று தலைப்பில் போட்டாயிற்று, டேக் பெட்டியில் என்ன போடுவது?

"அண்ணே, தேவகோட்டையிலிருந்து எங்கள் அப்பத்தா செய்யும் பலகாரங்களை யூடியூப்பில் போடுகிறேன். இப்போது சீயம் வீடியோ தயார். தலைப்பு 'செட்டிநாடு சீயம் | Chettinad Seeyam Recipe in Tamil'. டேக் பெட்டியில் 500 எழுத்துதான் கொள்ளும் என்கிறது. தலைப்பில் இருக்கும் சொல்லையே அங்கேயும் போடணுமா? வேண்டாம் என்றால் அந்த இடத்தில் எதைப் போடுவது?"

தலைப்பில் இருப்பதைத் திரும்பப் போட வேண்டியதில்லை. போட்டால் தண்டனை எதுவும் கிடையாது, பயனும் கிடையாது. தலைப்பைத்தான் யூடியூப் முதலில் படிக்கிறது. அங்கே சீயம் என்று இரண்டு எழுத்து வடிவத்திலும் எழுதிவிட்டீர்கள். அதே சொல்லை டேக்கில் ஐந்து விதமாக மாற்றி மாற்றி அடுக்கினாலும் வீடியோவைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

டேக்கைப் பற்றி யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. வீடியோவை ஆட்கள் கண்டுபிடிக்கத் தலைப்பு, முகப்புப் படம், விவரம் இவைதான் முக்கியம், டேக்கின் பங்கு மிகக் குறைவு என்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது: உங்கள் பொருளின் பெயரை மக்கள் அடிக்கடி பிழையாக எழுதுவார்கள் என்றால் டேக் உதவும். ஆங்கிலத்தில் சமையல் வீடியோ போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம். நமக்கு அப்படியில்லை. தமிழ்ப் பலகாரப் பெயரை ஆங்கில எழுத்தில் தேடும்போது ஆளுக்கு ஒரு மாதிரி தட்டுகிறார்கள். தமிழிலேயே தேடினாலும் ழ, ள, ல மூன்றும் கலந்து வருகின்றன. ஆகவே அந்தப் பெட்டியைப் பிழைகளுக்கு என்றே ஒதுக்கிவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சரியான மாற்றுப் பெயர் வேறு, தவறான எழுத்துக்கூட்டல் வேறு. பலரும் இரண்டையும் ஒன்றாக டேக் பெட்டியில் கொட்டுகிறார்கள். உங்கள் சீயத்துக்கு இது ரொம்பவே பொருந்தும்.

பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் பருப்பு, வெல்லம், தேங்காய்ப் பூரணத்தை முக்கிப் பொரிப்பதை நம் பக்கம் சீயம் என்கிறோம். இதே பலகாரத்துக்கும், மேல்மாவு மட்டும் கொஞ்சம் மாறிய இதன் உறவுகளுக்கும் மற்ற ஊர்களில் சுழியம், சுசியம், சுகியன் என்று பெயர். இவை எல்லாமே சரியான பெயர்கள். கோயம்புத்தூரில் ஒருவர் சுழியம் என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அந்தச் சொல்லை டேக்கில் மட்டும் போட்டிருக்கிறீர்கள். யூடியூப் அந்த டேக்கைப் பார்த்து உங்கள் வீடியோவை அவர் முன் கொண்டுபோய் நிறுத்தியே விட்டது என்றாலும், அவர் கண்ணுக்குத் தெரிவது "செட்டிநாடு சீயம்" என்ற தலைப்புதான். பார்க்கிறவருக்கு டேக் தெரியாது. அவர் தேடியது சுழியம், எதிரே நிற்பது சீயம். இது வேறு ஏதோ என்று கடந்துபோய்விடுவார். காட்டியும் யாரும் தொடவில்லை என்றால் அந்தத் தேடலுக்கு உங்கள் வீடியோ பொருந்தவில்லை என்றுதான் கணக்கு போகும்.

அதனால் சரியான மாற்றுப் பெயரைப் பார்வையாளர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உங்கள் தலைப்பில் "Recipe in Tamil" என்ற மூன்று சொல் வெறுமனே இடத்தை அடைக்கிறது. தலைப்பே தமிழில் இருக்கும்போது அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டுச் சுழியத்தைக் கொண்டுவரலாம்:

```
செட்டிநாடு சீயம் (சுழியம்) | Chettinad Seeyam
```

தலைப்புக்கு 100 எழுத்து வரை அனுமதி உண்டு. இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதே என்று சுசியத்தையும் சுகியனையும் அங்கே சேர்க்காதீர்கள். கைபேசியில் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும், படிக்கவும் நன்றாக இராது. மீதிப் பெயர்கள் விவரப் பெட்டியின் முதல் இரண்டு வரியில் ஒரு வாக்கியமாக வரட்டும்: "எங்கள் ஊர்ச் சீயம். வேறு ஊர்களில் சுழியம், சுசியம், சுகியன் என்பார்கள். Suzhiyam, Susiyam." இது போதும். வாக்கியமாக எழுதுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேக்குகளை அப்படியே நீளப் பட்டியலாக விவரப் பெட்டியில் ஒட்டுவது யூடியூப் விதிக்கு விரோதம். அப்படிச் செய்த வீடியோவை எடுத்துவிடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்பத்தாவையும் வீடியோவின் தொடக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், "சில ஊரில் இதைச் சுழியம்பாங்க" என்று. சுழியம் தேடி வந்தவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நின்று பார்ப்பார்.

சரி, இப்போது டேக் பெட்டிக்கு வருவோம். தலைப்பிலும் விவரத்திலும் நீங்கள் எழுதவே கூடாதவை, ஆனால் மக்கள் தட்டுகிறவை, அவைதான் இங்கே வர வேண்டும். சீயத்தை எழுதிப் பாருங்கள். `seyam` என்று ஒரு e விட்டுப்போகும். `siyam` என்று சுருங்கும். `cheeyam` என்று சிலர் சகரத்தை அழுத்துவார்கள். சுழியத்தில் zh எழுதத் தெரியாமல் `suliyam` என்பார்கள், y விட்டுப்போய் `suzhiam` என்பார்கள். தமிழில் தட்டுகிறவர்கள் சுளியம் என்றும் சுலியம் என்றும் எழுதுவார்கள். பேச்சில் சுய்யம் என்று சொல்லும் வீடுகளும் நிறைய உண்டு.

இப்படி ஒரு தாளில் எழுதினால் முப்பது நாற்பது வரும். எல்லாவற்றையும் போடத் தேவையில்லை, ஏனென்றால் பாதியை யூடியூப்பே சரிசெய்துகொள்ளும். எதைச் சரிசெய்கிறது, எதைச் செய்யவில்லை என்று நீங்களே பார்த்துவிடலாம். உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து யூடியூப்புக்குப் போங்கள். உங்கள் கணக்கிலேயே தேடினால் உங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி காட்டும், அது கணக்குக்கு உதவாது. முதலில் சரியான வடிவத்தைத் தட்டி மேலே வரும் ஏழெட்டு வீடியோக்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிழையான வடிவத்தைத் தட்டுங்கள். அதே வீடியோக்கள் ஏறத்தாழ அதே வரிசையில் வந்தாலோ, வேறொரு சொல்லுக்கான முடிவுகளைக் காட்டுவதாக மேலே ஒரு வரி வந்தாலோ, யூடியூப் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிழைக்கு டேக் வேண்டாம். முற்றிலும் வேறு வீடியோக்கள் வந்தால் மட்டும் அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் `Chettinadu`, `Chetinad` போன்றவை பெரும்பாலும் கழிந்துவிடும். செட்டிநாடு உலகம் முழுக்கத் தேடப்படும் சொல், அதன் எல்லாத் திரிபும் யூடியூப்புக்கு அத்துப்படி. அரிதாகத் தேடப்படும் பெயர்தான் தடுமாறும். சீயம் அந்த வகை. `seeyam seivathu eppadi` என்பது போன்ற நீளமான தேடலையும் டேக்காகப் போட வேண்டாம், தலைப்பில் சீயம் இருப்பதே அதற்குப் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு, இதைப் பலர் செய்வதில்லை. பிழையான வடிவம் வேறொரு பொருளின் சரியான பெயராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். `siyam` என்று தட்டினால் ஆட்களின் பெயர் வரும், சியாம் நாடு வரும், என்னென்னவோ வரும். அந்தச் சொல் தனியாக நமக்கு ஆகாது. `siyam sweet` என்று இன்னொரு சொல்லோடு சேர்த்தால் பலகாரம் தேடுகிறவர் மட்டும் மிஞ்சுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் வெள்ளைப் பணியாரத்தில் வரும். அடுத்து அதைத்தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். `vellai paniyaram` என்பதில் ஒரு i விட்டுப்போனால் `vella paniyaram`. பார்க்க அப்பாவிப் பிழை மாதிரி இருக்கும். ஆனால் வெல்லப் பணியாரத்தையும் ஆங்கில எழுத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். வெல்லம் போட்ட இனிப்புப் பணியாரம் வேண்டும் என்று வந்தவர், உங்கள் வீடியோவில் வெள்ளை வெளேர் என்ற பணியாரத்தையும் பக்கத்தில் காரச் சட்னியையும் பார்த்தால் சில நொடியில் வெளியேறிவிடுவார். இப்படி வந்ததும் போகிறவர்கள் கூடினால் வீடியோவுக்குக் கெடுதலே தவிர நன்மை இல்லை. அந்த டேக்கை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் `vellai paniaram`, `velai paniyaram`, சேர்த்து எழுதிய `vellaipaniyaram` இவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்திலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவுனி அரிசி வீடியோ போடும்போது அது கைகொடுக்கும். கவுனி, கவுணி, கௌனி என்று மூன்று வடிவமும் புழக்கத்தில் உண்டு. மூன்றாவதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ஔகாரக் குறி என்பது கணினிக்கு ஒரே குறியீடு. ஆனால் விசைப்பலகையில் அது கிடைக்காமல் ஒற்றைக்கொம்பைப் போட்டு, ககரம் போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தனி எழுத்தாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். `கௌனி`, `கெளனி` இரண்டும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோல்தான் தெரியும். கணினிக்கோ இரண்டாவது, கெ என்ற எழுத்தை அடுத்து ள வரும் வேறொரு சொல். மனிதக் கண்ணுக்குப் படாத பிழை என்பதால் யாரும் இதைத் தேடிப் பிடித்து டேக்கில் போடுவதில்லை. கவுனி அரிசிக்கு நீங்கள் போடுங்கள்.

ஒற்று விஷயத்தில் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். தலைப்பில் வெள்ளைப் பணியாரம் என்று ஒற்றோடு எழுதுங்கள், அதுதான் முறை. தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒற்றில்லாமல் தட்டுவார்கள், ஆகவே `வெள்ளை பணியாரம்` ஒரு டேக்காக இருக்கட்டும். அவ்வளவுதான்.

இனி எழுத்துக் கணக்கு. 500 என்பது எல்லா டேக்குக்கும் சேர்த்து, இடையில் வரும் காற்புள்ளிகளும் அதில் அடக்கம். பலருக்குத் தெரியாத ஒன்று, நடுவில் இடைவெளி உள்ள டேக்கை யூடியூப் மேற்கோள் குறிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது, அந்த இரண்டு குறியும் கணக்கில் ஏறும். `suliyam` ஏழு எழுத்து. `siyam sweet` பார்வைக்கு இடைவெளியோடு பதினொன்று, கணக்கில் பதின்மூன்று. தமிழில் நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் சு, கணினிக்குச் சகரமும் உகரக் குறியுமாக இரண்டு. சுளியம் என்பது நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு. அதனால் தமிழ் டேக் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இடம் பிடிக்கும்.

சீயம் வீடியோவுக்கு நான் போடுவதாக இருந்தால் இப்படிப் போடுவேன்:

```
seyam, siyam sweet, cheeyam, suliyam, suzhiam, susiam,
suyyam, sugiyan, சியம், சுளியம், சுலியம், சுய்யம்
```

எல்லாம் சேர்த்து 100 எழுத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் சோதிக்கும்போது இதில் இரண்டு மூன்று கழியலாம், வேறு ஒன்றிரண்டு சேரலாம். முடிவு செய்ய வேண்டியது உங்கள் திரையில் வரும் தேடல் முடிவுதான், என் பட்டியல் இல்லை. பெட்டியில் மீதி 400 எழுத்து காலியாகக் கிடக்குமே என்று கவலைப்படாதீர்கள், அது காலியாகவே இருக்கட்டும். நிரப்ப வேண்டும் என்று நினைத்தால் உடனே `sweet`, `snacks`, `diwali`, `cooking` என்று கை போகும். அந்தச் சொற்களில் கணக்கில்லாத வீடியோக்கள் வரிசையில் நிற்கின்றன. பார்வையாளருக்குத் தெரியாத ஒரு டேக்கை வைத்து அந்த வரிசையில் முன்னால் போக முடியாது. இது தீபாவளிக்காகச் செய்த வீடியோ என்றால் தீபாவளியைத் தலைப்பில் சொல்லுங்கள், அங்கே அது வேலை செய்யும்.

மசாலா சீயத்தை டேக்கில் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்த வீடியோவில் அப்பத்தா காரச் சீயமும் செய்து காட்டினால் சேர்க்கலாம், அப்போதும் விவரத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். காட்டவில்லை என்றால் வேண்டாம். ஆந்திரத்துப் பூர்ணம் பூரெலு நம் சீயத்துக்கு மிக நெருங்கியது, அந்தப் பெயரில் தேடுகிறவர்களும் நிறைய. இருந்தாலும் நான் சேர்க்க மாட்டேன். அதைத் தேடுகிறவர் தெலுங்கில் பேசும் வீடியோவை எதிர்பார்ப்பார், அப்பத்தாவின் பேச்சு அவருக்குப் புரியாது. பெரிய சமையல் சேனல்களின் பெயரை டேக்கில் போடுவது இதைவிட மோசம். வீடியோவில் இல்லாததைச் சொல்லி ஆள் இழுப்பதாக அதை யூடியூப் எடுத்துக்கொள்ளும், நடவடிக்கைக்கும் இடம் உண்டு. வேறொருவர் வீடியோவின் டேக்கை எடுத்து அப்படியே ஒட்டுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. அவருடைய சேனல் பெயரும் அந்தப் பட்டியலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

உங்கள் சேனலின் பெயரும் அதன் பிழை வடிவங்களும் வீடியோ டேக்கில் வர வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் அமைப்புகளுக்குள் சேனல் என்ற பகுதியில், அடிப்படைத் தகவலுக்குக் கீழே முக்கியச் சொற்கள் என்று தனிப் பெட்டி இருக்கிறது. ஒருமுறை அங்கே எழுதிவிட்டால் போதும். அதே அமைப்புகளில் பதிவேற்ற இயல்புநிலைகள் என்ற இடத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சேனல் தொடங்கியபோது அங்கே யாராவது `chettinad samayal, karaikudi samayal, village cooking` என்று எழுதி வைத்திருந்தால், ஒவ்வொரு வீடியோவிலும் அது தானாக வந்து உட்காரும். சேனல் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பட்டியல் எல்லா வீடியோவிலும் ஒட்டியிருப்பதைச் சேனல்காரரே கவனித்திருக்க மாட்டார். அதைத் துடைத்துவிடுங்கள். `#` குறியோடு எழுதுவது விவரப் பெட்டிக்கும் தலைப்புக்கும் உரியது. டேக் பெட்டியில் வெறும் சொல்லைக் காற்புள்ளி போட்டு எழுதினால் போதும்.

வீடியோ போட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள். அந்த வீடியோவின் பகுப்பாய்வில் பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதியைத் திறந்து, யூடியூப் தேடல் என்பதைத் தொட்டால் ஆட்கள் உண்மையில் தட்டிய சொற்கள் வரிசையாக வரும். ஒன்றிரண்டு பேர் மட்டும் தட்டிய சொற்கள் அதில் காட்டப்படாமல் போகலாம், ஆகவே ஒரு சொல் இல்லை என்பதை வைத்து அந்த டேக்கை உடனே எடுத்துவிடாதீர்கள். இருப்பதைப் பாருங்கள். `suyyam` என்று கணிசமான பேர் வந்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பெயரை டேக்கில் ஒளித்து வைத்தது போதும். விவரத்தின் முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். சுழியத்தைவிடவும் அது கூடுதலாக இருந்தால் தலைப்பின் அடைப்புக்குறிக்குள் சுழியத்துக்குப் பதில் அதை வைத்துப் பாருங்கள். நீங்கள் யோசிக்கவே யோசிக்காத ஓர் எழுத்துக்கூட்டல் அந்தப் பட்டியலில் இருந்தால், அதை இந்த வீடியோவுக்குச் சேர்க்க வேண்டாம், அதில் ஏற்கெனவே ஆட்கள் வருகிறார்கள். அடுத்துச் சீயம் மாதிரி வேறு பலகாரம் போடும்போது மக்கள் எந்த எழுத்தில் தவறுகிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். y விட்டுப்போகிறதா, zh எல்லாம் l ஆகிறதா என்று பாருங்கள்.

தேடல் வழியாக வந்தவர்கள் மொத்தத்தில் சிறு பங்குதான் என்றால், முகப்புப் பக்கமும் பரிந்துரையும்தான் உங்கள் வீடியோவைத் தூக்குகின்றன என்று அர்த்தம். அப்போது டேக்கில் இன்னும் நேரம் போடாதீர்கள். முகப்புப் படத்தில் ஒரு சீயத்தைப் பிய்த்து உள்ளே பூரணம் தெரியும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், சீயம் என்ற பெயரே தெரியாதவருக்கும் அது என்னவென்று அந்தப் படம் சொல்லிவிடும்.